ஊர்ப்பெயர் இல்லாத முகவரிக்கு ஒரு கடிதம்

எல்லையில் இருக்கும் ராணுவ வீரருக்கு வீட்டிலிருந்து போகும் கடிதத்தில் அவர் இருக்கும் ஊரின் பெயர் இருக்காது. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அஞ்சல் குறியீட்டு எண், கடைசியில் '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ'. அவ்வளவுதான் முகவரி. 56 என்றால் கடிதம் டெல்லியில் உள்ள ராணுவ மைய அஞ்சல் நிலையத்துக்குப் போகும். 99 என்றால் கொல்கத்தாவுக்கு. எந்தப் படைப்பிரிவு இன்று எங்கே இருக்கிறது என்பதை அறிந்து, அதற்குரிய கள அஞ்சலகத்துக்குப் பிரித்து அனுப்புவது அங்குள்ளவர்களின் வேலை. ஆகவே, நல்லெண்ணத்தோடுகூட 'லே', 'தவாங்' என்று ஊர்ப்பெயரைச் சேர்த்து எழுதாதீர்கள். படை இருக்கும் இடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இந்த எண்ணே. அதே சமயம் படைப்பிரிவின் பெயர் விடுபட்டால், கடிதம் யாரிடம் போக வேண்டும் என்பதே தெரியாமல் தேங்கிவிடும்.

லடாக் பக்கம் பனிக்காலத்தில் கணவாய்கள் அடைபட்டால் தபால் தாமதமாகும். பிறகு பல கடிதங்கள் ஒன்றாக வந்து சேரலாம். அதனால் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் தேதியோடு வரிசை எண்ணையும் போடுவது நல்லது. இல்லாவிட்டால் குணமான செய்தியை முதலில் படித்துவிட்டு, நோய்வாய்ப்பட்ட செய்தியை அடுத்து படிப்பார்.

இந்தத் தாமதம்தான் எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்பதையும் தீர்மானிக்கிறது. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நீ எப்போது வருவாய்?" என்று மட்டும் எழுதினால், காய்ச்சல் விட்டுப் பத்து நாளான பிறகும் அவர் அங்கே தவித்துக்கொண்டிருப்பார். ஓர் அக்கா தன் தம்பிக்கு இப்படி எழுதலாம்:

"அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். போன வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டி மாத்திரை கொடுத்தோம். இன்று காலை தானே கடைக்கு நடந்துபோய்ப் பேப்பர் வாங்கி வந்தார். கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது. மாமா காயில் கட்டக் கொடுத்து ஓடவைத்துவிட்டார். நீ அனுப்பிய பணத்தில் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியாயிற்று. மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. அம்மா சீம்பால் காய்ச்சும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டாள். வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ கவலையில்லாமல் இரு."

காய்ச்சலை அக்கா மறைக்கவில்லை. மறைத்தாலும் ஊர்க்காரர் யார் மூலமாவது தெரிந்துவிடும். அதன்பின் வீட்டிலிருந்து வரும் நல்ல செய்தியையும் அவர் சந்தேகப்படுவார். ஆனால் ஒவ்வொரு கஷ்டத்தோடும் அது தீர்ந்த விதத்தையும் எழுதிவிட்டாள். அவன் பணம் எதற்குப் பயன்பட்டது என்று சொன்னதே தைரியம் தருகிறது. "வீரனே" என்ற முழக்கம் தேவைப்படவில்லை.

உடனே புறப்பட்டு வர வேண்டிய செய்தி என்றால் கடிதத்தை நம்பியிருக்க வேண்டாம்; படைப்பிரிவு அலுவலகத்துக்கு நேராகத் தெரிவியுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு முறை படித்துப் பாருங்கள். அங்கிருந்து அவரால் தீர்க்க முடியாத கேள்வி ஏதாவது இருந்தால், அதற்கு நீங்கள் செய்யப்போவதையும் எழுதிவிட்டு உறையை ஒட்டுங்கள்.