அடியில் கடகடப்பு, ஏற்றத்தில் இழுவை இல்லை

பழைய பெட்ரோல் கார் ஒன்றின் அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தால், ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "ஒண்ணுமில்லை சார், ஹீட் ஷீல்ட் லூஸு" என்பது ஒன்று. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு, மாத்தணும்" என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஒரு போல்ட்டும் வாஷரும் போதும். இரண்டாவதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். கூடவே வண்டியில் பிக்கப்பும் இல்லையென்றால், இரண்டாவது பதிலைக் கேள்வி கேட்காமல் நம்பிவிடத் தோன்றும். சத்தத்தையும் இழுவைக் குறைவையும் ஒரே நோயாக முடிச்சுப் போடுவதில்தான் பாதி தவறு நடக்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இன்ஜினிலிருந்து வரும் புகைக் குழாயில் சைலன்சருக்கு முன்னால் துருப்பிடிக்காத எஃகு உருளை ஒன்று இருக்கும். அதுதான் கன்வெர்ட்டர். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-இல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. இப்போது இது இல்லாத புதிய பெட்ரோல் காரே கிடையாது. உருளைக்குள் பீங்கான் கட்டி ஒன்று. அதன் நீளவாக்கில், ஒரு சதுர அங்குலத்துக்கு 400 அளவில் சின்னச் சின்னத் துளைகள். துளைகளுக்கு நடுவே உள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் அந்தச் சுவர்களில் பூசப்பட்டிருக்கும். புகை அவற்றின் மேல் உரசிக்கொண்டு போகும்போது நச்சு வாயுக்கள் மாற்றமடைகின்றன. பீங்கானுக்கும் எஃகு உறைக்கும் நடுவே, வெப்பத்தில் உப்பி இறுக்கிப் பிடிக்கும் ஒரு பாய் சுற்றப்பட்டிருக்கும். உடையக்கூடிய பீங்கானைக் குலுங்கவிடாமல் வைத்திருப்பது அந்தப் பாய்தான்.

ஹீட் ஷீல்ட் இதன் உறுப்பே அல்ல. ஓடும்போது கன்வெர்ட்டர் 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். அந்தச் சூடு காரின் தளத்துக்கும் ஒயர்களுக்கும், நிறுத்திய இடத்தில் கிடக்கும் காய்ந்த சருகுக்கும் போகாமல் தடுக்க, வெளியே மெல்லிய தகடு ஒன்றை நாலைந்து போல்ட்டுகளில் மாட்டியிருப்பார்கள். மழை, சேறு, சூடு என்று மாறி மாறிப் பட்டு, போல்ட் துளையைச் சுற்றித் துரு தின்றுவிடும். போல்ட் அப்படியே இருக்கும், தகடு மட்டும் அதைவிட்டு விலகி ஆடும்.

இரண்டின் சத்தமும் ஒன்றல்ல. தகடு ஆடினால் வருவது மெல்லிய, ஜிர்ரென்ற அதிர்வு. இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் நின்றுவிடும். குளிர்ந்த வண்டியில் கேட்டு, சூடேறியதும் மறையலாம். சிலவற்றில் நேர்மாறாகவும் நடக்கும். பீங்கான் உடைந்திருந்தால் சத்தம் கனமாக, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியதுபோல் இருக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும், பள்ளத்தில் இறங்கும்போதும், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்து விடும்போதும் தெளிவாகக் கேட்கும்.

காதை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு வண்டியை லிஃப்ட்டில் ஏற்றுங்கள். வீட்டிலென்றால் ஸ்டாண்டு கொடுத்துத் தாங்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. கையுறை போட்ட முஷ்டியால், அல்லது ரப்பர் சுத்தியலால், ஷீல்டைத் தொடாமல் கன்வெர்ட்டர் உறையின் மேல் தட்டுங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் அந்த இடத்திலேயே கேட்டுவிடும். பிறகு ஷீல்டைத் தனியாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். இன்னும் சந்தேகம் என்றால், லிஃப்ட்டில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மெக்கானிக் நீளமான மரக்கட்டையால் தகட்டை அழுத்துவார். அழுத்தியதும் சத்தம் நின்றால் குற்றவாளி தகடுதான். சில சின்ன கார்களில் கன்வெர்ட்டர் அடியில் இருக்காது, மேனிஃபோல்டோடு ஒட்டி இன்ஜின் அறையிலேயே இருக்கும். அங்கே சத்தம் முன்பக்கத்திலிருந்து வரும், சோதிக்கும் முறை மட்டும் இதுவே.

ஆனால் தட்டிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. உருளும் சத்தம் கேட்டால் உள்ளே உடைந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். கேட்கவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பீங்கான் உருகி ஒரே கட்டியாகிவிட்டாலோ, உடைந்த துண்டு குறுக்கே சிக்கி இறுகிக்கொண்டாலோ, எவ்வளவு தட்டினாலும் சத்தமே வராது. இழுவைக் குறைவைத் தனியாக அளக்க வேண்டிய காரணம் இதுதான்.

புகை வெளியேற வழி குறைந்தால், எரிந்த வாயுவில் ஒரு பகுதி சிலிண்டரிலேயே தங்கிவிடும். அந்த அளவுக்குப் புதுக் காற்று உள்ளே வராது. நின்ற இடத்தில் ஐடிலில் புகை கொஞ்சம்தான் என்பதால் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையிலோ மலையேற்றத்திலோ தெரியும். ஒரு வேகத்துக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் வண்டி போகாது. உடைந்த துண்டு இடம் மாறும்போது அடைப்பும் மாறும் என்பதால், காலையில் நன்றாகப் போன வண்டி மாலையில் திணறலாம். இந்த ஏற்ற இறக்கம் உடைந்த பீங்கானின் அடையாளங்களில் ஒன்று. பழைய ஃபியூவல் ஃபில்டரோ வழுக்கும் கிளட்ச்சோ கொடுக்கும் இழுவைக் குறைவு இப்படிக் குதிப்பது அரிது.

மெக்கானிக் ஒருவர் சோதித்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக், ஓட்டுபவர் மேட்டுப்பாளையத்து ஆசிரியை. குன்னூர் ஏறும்போது இரண்டாவது கியரிலேயே முனக ஆரம்பித்திருந்தது. முதலில் போன இடத்தில் ஷீல்டின் இரண்டு போல்ட்டுகள் போயிருப்பதைக் கண்டு, பெரிய ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி இறுக்கிக் கொடுத்தார்கள். அதில் குற்றமில்லை, தகட்டைக் கட்டிப்போட அது நல்ல மலிவான வழி. சத்தமும் பெரும்பாலும் குறைந்தது. ஏற்றத்தில் மட்டும் வண்டி பழையபடிதான்.

இரண்டாவது இடத்து மெக்கானிக் முதலில் சத்தத்தைத் தேடவில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னாலிருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றைத் திருகினார். நல்ல வண்டியில் ஐடிலில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒன்றரைப் பவுண்டுக்குள் நிற்கும். 2,500 சுற்றில் ரேஸ் கொடுத்தாலும் மூன்று பவுண்டைத் தாண்டக் கூடாது. இந்த வண்டியில் ஐடிலில் இரண்டு காட்டியது. ரேஸ் கொடுத்ததும் முள் ஏழைத் தொட்டது, அங்கே நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனது. "அக்கா, ஷீல்டும் லூஸாத்தான் இருந்துச்சு. ஆனா வண்டி இழுக்காததுக்கு அது காரணமில்லை" என்றார்.

அதன் பிறகே தட்டிப் பார்த்தார். கிளாம்ப் போட்டு அமைதியான தகட்டுக்கு அடியில், பீங்கான் உருளும் சத்தம் மிகத் தெளிவாகக் கேட்டது.

ஸ்கேனரில் வந்த கோடு P0303. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்பது அதன் பொருள். இக்னிஷன் காயில் ஒன்று பழுதாகி, அந்த சிலிண்டருக்குப் போன பெட்ரோல் எரியாமலே கன்வெர்ட்டருக்குள் போய், அங்கே எரிந்திருக்கிறது. அந்தச் சூட்டில் பீங்கான் சுவர்கள் உருகும், பாய் பிடிமானம் இழக்கும். பிடி தளர்ந்த பீங்கான் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் உறையில் முட்டி முட்டி நொறுங்கும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் ஒர்க்‌ஷாப்பைப் பார்க்கலாம். மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தால், கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் மிதித்து ஓட்டக் கூடாது. ஆசிரியை அந்த மினுக்கலோடு சில வாரங்கள் பள்ளிக்குப் போய் வந்திருந்தார்.

இங்கே ஒரு பொதுவான தவறைச் சொல்லியாக வேண்டும். P0420 என்ற கோடு வந்தால்தான் கன்வெர்ட்டர் பழுது என்றும், வராவிட்டால் நன்றாக இருக்கிறது என்றும் பலர் நினைக்கிறார்கள். அந்தக் கோடு, கன்வெர்ட்டர் வாயுவைச் சுத்தம் செய்வது குறைந்திருக்கிறது என்று பின் சென்சாரை வைத்துப் போடும் கணக்கு. அடைப்பை அது அளப்பதில்லை. அடைத்த கன்வெர்ட்டர் எந்தக் கோடும் இல்லாமல் இருக்கலாம். P0420 காட்டும் கன்வெர்ட்டரில் புகை தாராளமாகப் போகலாம்.

சென்சாரைக் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. துளை வழியே புகை தப்பிப் போவதால் இழுவை திரும்பினால், அடைப்பு பின்னால்தான் என்று தெரியும். ஆனால் சத்தம் காதைப் பிளக்கும், சூடான வாயு பக்கத்து ஒயர்களைப் பொசுக்கலாம். கேஜ் இருக்கும்போது அந்த வித்தை தேவையில்லை.

இன்னொரு வித்தையை அழுத்தமாக மறுக்கிறேன். "உள்ளே இருக்கிறதைத் தட்டி எடுத்துட்டா வண்டி பறக்கும்" என்று சொல்லும் கடைகள் உண்டு. காலி உறையோடு வண்டி போகும்தான். கூடவே செக் இன்ஜின் விளக்கும் எரியும், மாசு சோதனையில் சான்று கிடைப்பதும் கஷ்டமாகும். பின்னால் வரும் இருசக்கரக்காரர் மூச்சுக்கு என்ன கிடைக்கும் என்பது வேறு கணக்கு. ஷீல்டைக் கழற்றி எறிவதும் அதே வகைதான். அடியில் சருகு தீப்பற்றினால் யாரும் பொறுப்பேற்க வரமாட்டார்கள்.

காயிலும் பிளக்கும் மாற்றி, மிஸ்ஸிங் நின்றதை உறுதி செய்த பிறகே புதுக் கன்வெர்ட்டரைப் போடச் சொன்னார் மெக்கானிக். இந்த வரிசையை மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். பழையதைக் கழற்றிக் கவிழ்த்தபோது சாம்பல் நிறத் துண்டுகள் கொட்டின. முகப்பில் பாதித் துளைகள் உருகி மூடியிருந்தன. அதோடு அவர் நிறுத்தவில்லை. உடைந்த துண்டுகள் புகையோடு தள்ளப்பட்டு சைலன்சருக்குள் போயிருக்கும் என்பதால் அதையும் கழற்றி ஆட்டிப் பார்த்தார். ஒரு கைப்பிடி அளவு வந்தது. அதை விட்டிருந்தால் புதுக் கன்வெர்ட்டருக்குப் பிறகும் கேஜ் முள் மூன்றுக்குக் கீழே இறங்கியிருக்காது.

பழைய கன்வெர்ட்டரை ஆசிரியை கேட்டு வாங்கிக்கொண்டார். பூச்சில் இருக்கும் உலோகங்களுக்காக அதைப் பழைய பொருள் வியாபாரிகள் வாங்குவார்கள், துண்டுகளுக்கும் விலை உண்டு. அந்தப் பணத்தைப் பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம்.