கொமுட்டர் நேர அட்டவணையைப் பெரிய எழுத்தில் மாற்றுவது எப்படி?

கே.டி.எம். கொமுட்டரின் நேர அட்டவணையில் நிலையங்களின் பெயர்கள் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக இருக்கும். அவற்றுக்கு வலப்பக்கம் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு பத்தி. பத்துமலை – புலாவ் செபாங் தடத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள். நாள் முழுவதும் ஓடும் ரயில்களை ஒரே ஏ4 தாளில் அடைத்தால் எழுத்து ஆறு பாயிண்டுக்கு இறங்கிவிடும். அந்த அளவில் ஓர் இலக்கத்தின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். எழுபது வயதைத் தாண்டியவருக்கு அதில் 3-உம் 8-உம் ஒன்றாகத்தான் தெரியும்.

உடனே ஃபோட்டோஸ்டாட் கடைக்குப் போய்ப் பெரிதாக்கலாம் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் அது உதவாது என்று தெரிந்துவிடும். ஏ4 தாளை ஏ3 ஆக்கும்போது எழுத்து 1.41 மடங்குதான் வளரும். ஆறு பாயிண்ட் எட்டரை ஆகும், அவ்வளவுதான். பெரிய எழுத்து அச்சுக்கு அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான அச்சகமும் சங்கமும் வைத்திருக்கும் அளவு 18 பாயிண்ட். ஆறிலிருந்து பதினெட்டுக்குப் போக நீளத்தில் மூன்று மடங்கு, அகலத்தில் மூன்று மடங்கு வேண்டும். அதாவது ஒன்பது ஏ4 தாள்களை ஒட்டி விரிக்க வேண்டும். அப்படி விரித்தாலும் நிலையத்தின் பெயர் ஒரு கோடியிலும் பார்க்க வேண்டிய நேரம் மறு கோடியிலும் கிடக்கும். கண் அவ்வளவு தூரம் ஒரே வரியில் ஓட முடியாமல் அடுத்த வரிக்கு நழுவும். எழுத்து தெரியும், ஆனால் தவறான நேரம் தெரியும்.

ஆகவே அட்டவணையைப் பெரிதாக்குவதைவிட, படிப்பவரின் கேள்விக்கு ஏற்ப அதைத் திருப்பி எழுதுவதுதான் வழி. சாலாக் செலாத்தானில் இருக்கும் ஒரு பாட்டி பத்துமலைக்குப் போய் வருபவர் என்று வைத்துக்கொள்வோம். இடையில் செப்புத்தே, மிட் வேலி, கேஎல் சென்ட்ரல், செந்தூல் என்று பத்து நிலையங்கள் வரும். ரயில் மாற வேண்டியதில்லை. அவர் கேட்பது இரண்டே கேள்விகள்: அடுத்த ரயில் எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? சிரம்பானோ பாங்கியோ அவர் தாளில் இருக்கத் தேவையில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கும் வழக்கமும் உண்டென்றால் கேஎல் சென்ட்ரலை மூன்றாவது பத்தியாகச் சேர்க்கலாம். அதற்கு மேல் சேர்க்க மாட்டேன். எதை விடுவது என்று அவரிடமே கேட்டு முடிவு செய்வது நல்லது. நாம் வேண்டாம் என்று நினைக்கும் நிலையத்தில் அவருடைய தங்கை வீடு இருக்கலாம்.

இப்போது ஒரு ரயிலுக்கு ஒரு வரி. கணினியில் அட்டவணை விரிதாளாகக் கிடைத்தால், நகலெடுத்து ஒட்டும்போது Transpose என்பதைத் தேர்ந்தால் பத்திகள் வரிகளாக மாறிவிடும். பிறகு வேண்டாத நிலையங்களை நீக்கிவிடலாம். படமாக மட்டும் கிடைத்தால் கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டும். கீழே இருப்பவை மாதிரிக்காக நான் போட்ட நேரங்கள். இவற்றை நம்பி நிலையத்துக்குப் போக வேண்டாம்.

```
காலை
சாலாக் செலாத்தான்     பத்துமலை
       8.10              8.58
       9.05              9.53
      10.05             10.53
```

எழுத்து 24 பாயிண்ட் இருக்கட்டும். 18 போதும் என்பது ஆங்கில எழுத்தை வைத்துச் சொன்னது. தமிழில் புள்ளியும் சுழியும் தெளிவாகத் தெரிய இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். இந்த அளவில் இலக்கத்தின் உயரம் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர். எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்கு வரி இடைவெளி விட்டால், ஒரு ஏ4 தாளில் இருபது வரிகள் அடங்கும். தலைப்பு இரண்டு வரி எடுத்துக்கொண்டாலும் பதினெட்டு ரயில்கள். காலைக்கு ஒரு பக்கம், பிற்பகலுக்கு ஒரு பக்கம் என்று பிரித்தால் நெருக்கமே இருக்காது.

நேரங்களை வலப்பக்கம் சீராக நிறுத்துங்கள். அப்போது 8.10-உம் 10.05-உம் ஒன்றன்கீழ் ஒன்று வரும்போது நிமிடங்கள் நேர்கோட்டில் நிற்கும். இரண்டு பத்திகளையும் தாளின் இரு ஓரங்களுக்குத் தள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்று வரிகளுக்கு ஒருமுறை கூடுதல் இடைவெளி விட்டால் கண் வழுக்காது. வரி விட்டு வரி சாம்பல் நிறம் பூசும் பழக்கம் பெரிய எழுத்துக்கு ஆகாது. அந்தச் சாம்பல் அச்சில் பொடிப்பொடிப் புள்ளிகளாக விழுந்து இலக்கத்தின் ஓரத்தைக் கலைத்துவிடும். சாய்வெழுத்தும் வேண்டாம்.

முடித்ததும் பளபளப்பான பிளாஸ்டிக் உறை போட்டுத் தருவது நம் ஊர் வழக்கம். கண்புரை உள்ளவருக்கு அதுதான் பெரிய தொந்தரவு. மேலே எரியும் விளக்கு தாளில் பட்டுக் கண்ணில் கூசும். சற்றுத் தடித்த, பளபளப்பில்லாத தாளே போதும். நனைந்து போனால் இன்னொன்று அச்சிட்டுக் கொள்ளலாம்.

பிற்பகல் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டிக்கு அது மாலை 6.40. நிலையத்துப் பலகையில் 18:40 என்றிருந்தால் இரண்டும் ஒன்றென்று சட்டென விளங்காது. அதனால் அந்தப் பக்கத்தில் மட்டும் இரண்டு விதமாகவும் போடுவேன். வார நாளுக்கும் வார இறுதிக்கும் நேரம் மாறும் என்பதால் அவை தனித்தனித் தாள்கள். திரும்பி வரும் பயணத்துக்கும் தனித் தாள்தான். போகும் தாளின் தலைப்பில் பத்துமலை என்பதன் கீழ் Batu Caves என்றும் பெரிதாக எழுதுங்கள். ரயிலின் முகப்பில் அவர் பார்க்கப்போவது அதைத்தான்.

மூல அட்டவணையில் வெற்றுக் கட்டமோ சிறு கோடோ இருந்தால் கவனம் தேவை. அந்த ரயில் அந்த நிலையத்தில் நிற்காது, அல்லது அதுவரை போகாது என்று பொருள். பத்திகளைத் திருப்பும்போது வெற்றிடத்தை நீக்கினால் கீழே உள்ள நேரங்கள் ஒரு கட்டம் மேலே ஏறி, எல்லாமே தப்பாகிவிடும். பத்துமலை வரை போகாத ரயிலின் வரியையே எடுத்துவிடுவது பாதுகாப்பு.

தட்டச்சுப் பிழையைப் பிடிக்க, பயண நேரமே கைகொடுக்கும். ஒரே தடத்தில் ஒவ்வொரு ரயிலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும். விரிதாளில் B பத்தியில் புறப்பாடும் C பத்தியில் வருகையும் நேரமாகவே, 8:10 என்பதுபோல், பதிந்திருந்தால் இந்தச் சூத்திரம் நிமிடங்களைச் சொல்லும்:

```
=(C2-B2)*1440
```

விடை மணி வடிவில் தெரிந்தால் கட்டத்தை எண் வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எங்கும் 48 வந்து ஓர் இடத்தில் மட்டும் 43 வந்தால், 8-ஐ யாரோ 3 என்று படித்திருக்கிறார்கள். இரண்டு நேரமும் ஒரே அளவு தவறியிருந்தால் இது காட்டிக்கொடுக்காது. அதற்கு ஒருவர் மூலத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, இன்னொருவர் புதுத் தாளில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாகத் தாளைப் பாட்டியிடம் கொடுங்கள். அவர் வழக்கமாக உட்காரும் இடம், அதே விளக்கு, அதே கண்ணாடி. "ஒன்பது மணிக்கு மேல பத்துமலைக்கு எத்தனை மணிக்கு ரயில், பாட்டி?" என்று கேட்டுவிட்டு, சொல்லிக்கொடுக்காமல் பாருங்கள். தாளை முகத்தருகே கொண்டுபோனால் எழுத்து போதவில்லை; 28 பாயிண்ட் ஆக்குங்கள். விரல் சரியான வரியில் தொடங்கி அடுத்த வரியில் போய் நின்றால் எழுத்தைத் தொடாதீர்கள், இடைவெளியைக் கூட்டுங்கள். முதலாவது கோளாறுக்கு இரண்டாவதன் மருந்தைக் கொடுத்தால் தாள்தான் பெருகும்.

இந்த அட்டவணை எந்தத் தேதியிலிருந்து நடப்பில் உள்ளது என்பதை முதல் வரியிலேயே, அதே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். நேரங்கள் மாறியதும் புதிய தாளைக் கொடுக்கும்போது பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.