விதைப் பொட்டலத்தில் எழுதும் நான்கு வரிகள்

வடலூரில் ஒருவர் தன் தோட்டத்துக் கத்தரி விதையைப் பொட்டலம் கட்டி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் நான்கு வரிகள் போதும்: ரகம், முளைப்புத் திறன், பட்டம், விதை எண்ணிக்கை.

ரகத்துக்கு 'நாட்டுக் கத்தரி' என்று எழுதினால் எந்த நாட்டுக் கத்தரி என்று யாருக்கும் தெரியாது. கடலூர் மாவட்டத்திலேயே பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பாலூர் 1' இருக்கிறது. அது என்றால் அந்தப் பெயரையே போடலாம். பெயர் தெரியாவிட்டால் காயின் நிறத்தையும் வடிவத்தையும் எழுதலாம். வீரிய ஒட்டு என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல வராது.

முளைப்புத் திறனைச் சோதித்துத்தான் எழுத வேண்டும். ஈரத்தாளில் 100 விதைகளைப் பரப்பிச் சுருட்டி, காயாமல் 14 நாள் வைக்கவும். வேர் மட்டும் எட்டிப் பார்த்தவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வேரும் தண்டும் இரண்டு வித்திலைகளும் ஒழுங்காக உள்ளவற்றை மட்டும் எண்ண வேண்டும். 80 தேறினால் '80%'. இந்திய விதைச் சான்றுத் தரப்படி கத்தரிக்குக் குறைந்தது 70% வேண்டும். ஆனால் 100 விதைகளை மட்டும் பார்த்தால், உண்மை அளவு 80-க்குச் சில புள்ளிகள் மேலேயோ கீழேயோ இருக்கலாம். அதனால்தான் விதைப் பரிசோதனை நிலையங்களில் 400 விதைகள் வைக்கிறார்கள். வீட்டிலும் நான்கு தாள் வைத்தால் நல்லது. சோதித்த தேதியையும் பக்கத்திலேயே எழுதவும். நாள் ஆக ஆக முளைப்பு குறையும். சான்று விதைக்கே சோதித்த நாளிலிருந்து 9 மாதம்தான் கெடு.

பட்டத்தில்தான் குழப்பம் அதிகம். 'தைப்பட்டம்' என்றால் தையில் விதைப்பதா, நடுவதா? கத்தரியை முதலில் நாற்றங்காலில் விதைத்து, 30-35 நாளில் பிடுங்கி நடுகிறோம். ஆகவே 'மார்கழியில் நாற்றுவிடவும், தைக் கடைசியில் நடவும்' என்று பிரித்து எழுதலாம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் இளநாற்று தண்ணீரில் நின்று அழுகுவதும் இதனால் தப்பும்.

எண்ணிக்கைக்குச் சமையலறைத் தராசு உதவாது. ஆயிரம் கத்தரி விதையே ஏறக்குறைய 4 கிராம்தான். வெள்ளைத் தட்டில் கொட்டிக் கையால் எண்ணுவதே வழி. 50 விதை, 80% முளைப்பு என்றால் 40 முளைகள். அது தாளில் கிடைத்த கணக்கு. நாற்றங்காலில் எறும்பு, அழுகல், வெயில் என்று சில போகும். 30 நாற்றை நம்பச் சொன்னால் வாங்குபவர் ஏமாற மாட்டார்.

முடிவில் அட்டை இப்படி இருக்கும்:

கத்தரி – பாலூர் 1 (ஒட்டு ரகம் அல்ல)
முளைப்பு: 80% (சோதித்த நாள் 15.11.2025, கெடு 14.8.2026)
பட்டம்: மார்கழியில் நாற்றங்கால், தைக் கடைசியில் நடவு
விதை: 50 (சுமார் 30 நாற்று)

இந்த விவரங்கள் இருந்தால், விதை முளைக்கவில்லை என்று ஒருவர் வந்து நின்றாலும் எந்தத் தேதியில், எப்படி விதைத்தார் என்று கேட்டு, தவறு விதையிலா நாற்றங்காலிலா என்று பிரித்தறியலாம்.