ஒரே ஃபண்ட், ஒரு வருட வித்தியாசம்

2007 டிசம்பர் 31 அன்று நிஃப்டி 6,138 புள்ளியில் முடிந்தது. அன்றைக்கு இரண்டு பேர் கையில் ஆளுக்கு 1,20,000 ரூபாய் இருந்ததாக வைத்துக்கொள்வோம். இருவரும் பணம் போடுவது நிஃப்டியை அப்படியே பின்தொடரும் ஒரே இண்டெக்ஸ் ஃபண்டில்தான். ஒருவர் அன்றே மொத்தத்தையும் போட்டுவிட்டார். இன்னொருவர் அன்று பத்தாயிரம், அப்புறம் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பத்தாயிரம் என்று 2008 நவம்பர் வரை பன்னிரண்டு தவணையில் போட்டார். கணக்கு சுலபமாக இருக்க, நிஃப்டி புள்ளியை நூறால் வகுத்து, அதையே யூனிட் விலையாக எடுத்துக்கொள்கிறேன். டிவிடெண்டும் ஃபண்டின் செலவும் இதில் சேராது.

மொத்தமாகப் போட்டவருக்கு 61.39 ரூபாய் விலையில் 1,955 யூனிட் கிடைத்தது. தவணைக்காரருக்கு முதல் பத்தாயிரத்துக்கு 163 யூனிட்தான். ஆனால் சந்தை சரியச் சரிய அதே பத்தாயிரத்துக்கு யூனிட் கூடிக்கொண்டே போனது. ஜூன் கடைசியில் 247. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தபின், அக்டோபர் கடைசியில் விலை 28.86-க்கு வந்தபோது 347. நவம்பரில் 363. எல்லாம் சேர்த்து 2,831 யூனிட்.

2009 டிசம்பர் 31 அன்று விலை 52.01. மொத்தமாகப் போட்டவரின் பணம் இரண்டு வருடம் கழித்தும் 1,01,672 ரூபாயாகக் குறைந்தே கிடந்தது. தவணைக்காரரிடம் 1,47,257 ரூபாய்.

எஸ்.ஐ.பி.யை விற்க வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கணக்கு நோட்டை மூடிவிடுவார்கள். நாம் தொடக்கத் தேதியை மட்டும் ஒரு வருடம் தள்ளி, 2008 டிசம்பர் 31 என்று வைத்துப் பார்ப்போம். விலை 29.59. மொத்தமாகப் போட்டவருக்கு 4,055 யூனிட் வந்தது. தவணைக்காரரும் முதலில் நன்றாகத்தான் வாங்கினார். பிப்ரவரியில்கூட 362 யூனிட். மே மாதம்தான் காலை வாரியது. தேர்தல் முடிவு வந்த பிறகு திறந்த முதல் நாள், மே 18 திங்கட்கிழமை, சந்தை எடுத்த எடுப்பில் உச்சவரம்பைத் தொட்டு வர்த்தகம் நின்றது. அந்த ஒரே நாளில் நிஃப்டி 17 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அப்போது அவர் போட்டிருந்தது ஐந்து தவணை. மீதி 70,000 ரூபாய் வங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் கடைசியில் 288 யூனிட் தந்த பத்தாயிரம், மே கடைசியில் 225 தான் தந்தது.

2009 டிசம்பர் 31-ல் மொத்தமாகப் போட்டவரிடம் 2,10,914 ரூபாய், தவணைக்காரரிடம் 1,64,464. போன தடவை எவ்வளவு முந்தினாரோ, ஏறக்குறைய அவ்வளவே இந்தத் தடவை பின்தங்கிவிட்டார். வங்கியில் காத்திருந்த பணத்துக்கு அன்றைய சேமிப்புக் கணக்கு வட்டி 3.5 சதவீதத்தில் சுமார் 1,900 ரூபாய் வந்திருக்கும். நியாயமாக அதை இரண்டு தடவையும் தவணைக்காரர் பக்கம் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் முடிவு மாறாது.

‘மாதாமாதம் போட்டால் சராசரி விலை குறையும்’ என்பார்கள். அது பொய்யில்லை. இரண்டாவது கணக்கில் பன்னிரண்டு மாத விலைகளின் சராசரி 39.97, தவணைக்காரருக்கு ஒரு யூனிட் விழுந்ததோ 37.95. விலை குறைந்த மாதத்தில் அதிகமாகவும் கூடிய மாதத்தில் குறைவாகவும் வாங்குவதால் எப்போதும் இப்படித்தான் வரும். ஆனால் மொத்தமாகப் போட்டவர் அந்தச் சராசரியில் வாங்கவில்லையே, 29.59-க்கு அல்லவா வாங்கினார்! ஒப்பிட வேண்டியது முதல் நாள் விலையோடு. அந்த வருடத்தில் விலை பெரும்பாலும் முதல் நாளைவிடக் கீழே இருந்தால் தவணை ஜெயிக்கும், மேலே இருந்தால் தோற்கும்.

நீண்ட காலத்தில் சந்தை இறங்கிய வருடங்களைவிட ஏறிய வருடங்களே அதிகம். அதனால்தான், 2012-ல் வான்கார்ட் நிறுவனம் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா சந்தைகளின் பழைய விலைகளை வைத்துப் பார்த்தபோது, சுமார் மூன்றில் இரண்டு பங்கு தடவை மொத்த முதலீடே முன்னால் வந்தது. மீதி ஒரு பங்கில் 2008 மாதிரி வருடங்களும் அடக்கம். ஓய்வுபெற்ற கையோடு வந்த கிராஜுவிட்டியைப் போடுகிறவருக்கு அந்த ஒரு பங்கு போதும், தூக்கம் போக.

உங்கள் ஃபண்டுக்கே இதைப் போட்டுப் பார்க்கலாம். ஆம்ஃபி இணையதளத்தில் பழைய என்.ஏ.வி. கிடைக்கும். குரோத் பிளான் விலையையே எடுங்கள். டிவிடெண்ட் பிளானில் பணம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் என்.ஏ.வி. இறங்கும், கணக்கு கெட்டுவிடும். ஒரு தேதியோடு நிற்காமல், தொடக்க மாதத்தை ஒவ்வொன்றாக நகர்த்திப் பத்து வருடத்துக்காவது பாருங்கள். சம்பளத்தில் மிச்சம்பிடித்து மாதம் பத்தாயிரம் போடுகிறவருக்கு மட்டும் இந்த வேலை தேவையில்லை. முதல் நாளில் அவர் கையில் 1,20,000 ரூபாய் ஏது?