வெளுத்த கறி, கறுத்த கறி: காரணம் ஒன்று, விளைவு இரண்டு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைகளில் இரண்டு புகார்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "சிக்கன் வெளுத்துப் போயிருக்கு, சட்டியில போட்டா தண்ணியா விடுது." இன்னொன்று, "மட்டன் கறுத்து கெட்டியா இருக்கு, கிழட்டு ஆட்டை வெட்டிட்டாங்க." கடைக்காரர் தண்ணீர் ஏற்றினார், வயசான ஆட்டை வெட்டினார் என்பதுதான் உடனே வரும் முடிவு. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இந்த இரண்டையுமே இன்னொரு காரணமும் உண்டாக்கும். அது வெட்டுவதற்கு முன் அந்த உயிர் பட்ட பதற்றம்.

ஒரே காரணம் எப்படி நேர் எதிரான இரண்டு விளைவுகளைத் தரும்? கிளைகோஜன் எப்போது எரிகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. தசை சேமித்து வைக்கும் எரிபொருள் அது. உயிர் போனபின் ரத்த ஓட்டம் நின்று ஆக்சிஜன் வராது. ஆனாலும் தசை கிளைகோஜனை எரித்துக்கொண்டே இருக்கும், லாக்டிக் அமிலம் உள்ளேயே தேங்கும். உயிருள்ள தசையின் பிஎச் சுமார் 7. ஆட்டுக்கறியில் அது ஒரு நாளுக்குள் மெதுவாக 5.5, 5.7 அளவுக்கு இறங்கினால் நல்ல கறி. அதற்குள் கறியின் சூடும் தணிந்துவிடும்.

முதலில் கோழி. மே மாத வெயிலில் கூண்டில் நெருக்கி அடைத்து வருகிறது. கடையில் காலைப் பிடித்துத் தூக்குகிறார்கள், கழுத்தை அறுத்து டிரம்மில் போடுகிறார்கள், உள்ளே அது சிறகடித்துத் துடிக்கிறது. சிறகை அசைப்பது நெஞ்சுத் தசைதான். அதனால் அங்கே கிளைகோஜன் வெகு வேகமாக எரிகிறது. உடம்புச் சூடு ஆறும் முன்பே அமிலம் ஏறிவிடுகிறது. சூடும் அமிலமும் சேர்ந்தால் தசைப் புரதம் பாதி வெந்தது போல உருக்குலைந்துவிடும். அதன்பின் அதனால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. வெளியே கசிந்த தண்ணீர் ஒளியைச் சிதறடிப்பதால் கறி வெளுப்பாகத் தெரியும்.

இது முதலில் பெரிதாகப் பேசப்பட்டது பன்றிக்கறியில்தான். 1950களில் டென்மார்க்கில் லுட்விக்சன் இதைப் பற்றி எழுதினார். சில பன்றிகளுக்கு இது பிறவியிலேயே அதிகம் வருவதற்கு ஒரு மரபணுப் பிழை காரணம் என்பது 1991இல் தெரியவந்தது.

அடுத்து ஆடு. சந்தையில் ஒரு பகல் நிற்கிறது, இரவு முழுக்க லாரியில் நின்றபடியே வருகிறது, தீவனம் கிடையாது, பக்கத்தில் பழக்கமில்லாத ஆடுகள். இப்படி ஒரு நாளுக்கு மேல் போனால் கிளைகோஜன் உயிரோடு இருக்கும்போதே தீர்ந்துபோகும். வெட்டியபின் அமிலமாக மாற எதுவும் மிச்சமில்லை, பிஎச் 6க்கு மேலேயே நின்றுவிடும். புரதம் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இழைகள் ஊதி, ஒளியைச் சிதறடிக்காமல் உள்வாங்கும். அதனால்தான் கறுப்பு நிறமும், கெட்டியும், தொட்டால் ஒட்டும் தன்மையும். இந்தக் கறி சீக்கிரம் நாறும். பாக்டீரியாவுக்கு முதல் தீனியான சர்க்கரை இதில் இல்லை, அதனால் எடுத்த எடுப்பிலேயே அமினோ அமிலங்களில் கை வைத்துவிடும்.

2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள், மருத்துவர் பரிசோதித்தபின் விலங்குக்கு 24 மணி நேர ஓய்வு தரவேண்டும் என்கின்றன. தண்ணீரும் அமைதியும் கிடைக்க அது உதவும். ஆனால் ஆடு மாடுகளுக்குத் தீர்ந்த கிளைகோஜன் திரும்பச் சேர, நல்ல தீவனத்தோடு பல நாட்கள் ஆகும். எனவே பயணத்தைச் சுருக்குவதுதான் சரியான மருந்து. கோழி விஷயத்தில் மருந்து இன்னும் எளிது: டிரம்முக்குப் பதில் கூம்பு. தலைகீழாக வைத்தால் சிறகு அடங்கிவிடும், துடிப்பு குறையும்.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் பார்த்துச் சொல்ல முடியாது. நம்மூரில் கறி வெட்டிய சூட்டோடு விற்கப்படுகிறது. அந்த நேரத்தில் நல்ல ஆட்டுக்கறியும் பிஎச் 7 பக்கத்தில்தான் இருக்கும், ஒட்டவும் செய்யும். கழுவாமல் ஒரு துண்டை மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். பிறகு 10 கிராம் அரைத்து 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, 5 முதல் 7 வரை காட்டும் பிஎச் தாளை நனையுங்கள். 6க்கு மேல் காட்டினால் அது கறுத்த வகை.

வெளுத்த வகையை இந்தத் தாள் பிடிக்காது. அதன் கடைசி பிஎச் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், தப்பு நடந்தது இறங்கிய வேகத்தில். அதற்கு டப்பாவின் அடியில் தேங்கிய தண்ணீரைத்தான் பார்க்கவேண்டும். கழுவிய கறியிலும் ஃபிரீசரில் வைத்து எடுத்த கறியிலும் எப்படியும் தண்ணீர் விடும். அதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.