ஆய்வுக்கு ஒரு சுருக்கப்பெயர்

மருத்துவ ஆய்வுகளின் தலைப்புகள் நீளமானவை. எந்த நோய், எந்த மருந்து, யாரிடம் சோதிக்கப்பட்டது, எதனோடு ஒப்பிடப்பட்டது என்று எல்லாவற்றையும் தலைப்பிலேயே சொல்லியாக வேண்டும். அது குலுக்கல் முறையில் நடந்த ஆய்வா என்பதையும் தலைப்பில் குறிப்பிட வேண்டுமென்று ஆய்விதழ்கள் பின்பற்றும் கான்சார்ட் நெறிமுறை கேட்கிறது. இருபது சொல் கொண்ட இப்படிப்பட்ட தலைப்பை எந்த மருத்துவரும் வார்டில் நின்றுகொண்டு சொல்ல மாட்டார். சொல்வதற்கு ஒரு சின்னப் பெயர் வேண்டும். அதனால்தான் தலைப்புச் சொற்களின் எழுத்துகளைக் கோத்துச் சுருக்கப்பெயர் வைக்கும் வழக்கம் இந்தத் துறையில் வேரூன்றியது. கான்சார்ட் என்பதே அப்படிப் பிறந்த பெயர்தான்.

பெயர் வைத்தால் பயன் உண்டா என்று பார்த்த ஆய்வும் உண்டு. 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஒரு கட்டுரை, சுருக்கப்பெயர் உள்ள ஆய்வுகள் பெயரில்லாதவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மேற்கோள் காட்டப்படுவதாகச் சொன்னது. பெரிய ஆய்வுகளும் மருந்து நிறுவனங்களின் பணத்தில் நடப்பவையும்தான் பெரும்பாலும் பெயர் சூட்டிக்கொள்கின்றன என்பதால், இதில் பெயரின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் வாயில் நிற்கும் பெயர் ஓர் ஆய்வுக்குக் கெடுதல் செய்வதில்லை. கெடுதல் வருவது வேறு இரண்டு வழிகளில்: எழுத்துகளைத் திருடிச் சேர்ப்பதாலும், சொல்லக்கூடாததைப் பெயரே சொல்லிவிடுவதாலும்.

எழுத்துக் கணக்கில் நேர்மையான பெயருக்கு நல்ல எடுத்துக்காட்டு, 1970களில் அமெரிக்காவில் தொடங்கிய ‘மல்டிபிள் ரிஸ்க் ஃபேக்டர் இன்டர்வென்ஷன் ட்ரயல்’. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் ஒருசேரக் குறைத்தால் மாரடைப்புச் சாவு குறையுமா என்று பார்த்த ஆய்வு அது. ஐந்து சொற்களின் முதலெழுத்துகளை வரிசையாக எடுத்தால் எம், ஆர், எஃப், ஐ, டி. சேர்த்து வாசித்தால் ‘மிஸ்டர் ஃபிட்’. ஆய்வில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேரும் ஆண்கள் என்பதால் அந்த ‘மிஸ்டர்’ பொருந்தியும் போனது. ஓர் எழுத்தைக்கூட இழுத்து வர வேண்டியிருக்கவில்லை.

எல்லா ஆய்வுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. 2020 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய ‘ரெகவரி’ ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு கடுமையான கொரோனா நோயாளிகளின் உயிரைக் காக்கும் என்று மூன்றே மாதத்தில் காட்டியது. அதன் முழுப்பெயர் ‘ரேண்டமைஸ்டு எவால்யுவேஷன் ஆஃப் கோவிட் 19 தெரபி’. முதல் இரண்டு எழுத்துகள் ஒழுங்காகவே வருகின்றன. அடுத்த மூன்றும் ‘கோவிட்’டின் தொடக்கத்திலிருந்து வருகின்றன. கடைசி மூன்றுக்கு ‘தெரபி’யின் நடுவிலிருந்து ஈ, ஆர் என்ற இரண்டையும், கடைசியிலிருந்து ஒய் என்பதையும் பிடுங்கியிருக்கிறார்கள். சொல்லின் தலையிலிருந்து எடுத்த எழுத்தை வாசகர் தானே கண்டுபிடித்துவிடுவார். நடுவிலிருந்து எடுத்ததை ஒருவர் காட்டிக்கொடுத்தால்தான் தெரியும். ரெகவரியின் பெருமைக்கு முன்னால் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. சிறிய ஆய்வு ஒன்று இதே வேலையைச் செய்திருந்தால் சிரிப்புக்கு இடமாகியிருக்கும்.

சிரித்தவர்களும் உண்டு. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் இதழில் வேடிக்கையான பொருளை முறையான ஆய்வுநடையில் வெளியிடும். 2014 இதழில் வந்த ஒரு கட்டுரை சுருக்கப்பெயர்களுக்கே மதிப்பெண் போட்டது. அழகுக்கான அளவுகோலுக்கு ‘பியூட்டி’ என்றும் குறைகளுக்கான அளவுகோலுக்கு ‘சீட்டிங்’ என்றும் பெயர். இரண்டாவதன் விரிவாக்கத்தில் எழுத்துகள் வேண்டுமென்றே சொற்களின் நடுவிலிருந்து அள்ளப்பட்டிருந்தன, போதாதற்கு எழுத்துப்பிழையும் சேர்க்கப்பட்டிருந்தது. வேடிக்கைதான் என்றாலும் அது தொட்டுக்காட்டிய குறைகள் எல்லாம் உண்மையானவை.

எழுத்துக் கணக்கு சரியாக இருந்தாலே போதும் என்றும் இல்லை. 2001இல் முடிவு வெளியான ‘மிராக்கிள்’ ஆய்வு, மாரடைப்பு அறிகுறியோடு வந்தவர்களுக்கு உடனடியாக அதிக அளவில் அட்டோர்வாஸ்டாடின் கொடுத்துப் பார்த்தது. ‘மயோகார்டியல் இஸ்கீமியா ரிடக்‌ஷன் வித் அக்ரெசிவ் கொலஸ்ட்ரால் லோயரிங்’ என்பது விரிவு. ‘வித்’தை விட்டுவிட்டால் மற்ற ஒவ்வொரு முதலெழுத்தும் ஒழுங்காக வருகிறது. ஆனால் காதில் விழுவது ‘அற்புதம்’. நெஞ்சு வலியோடு படுத்திருக்கும் ஒருவரிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டி, ‘மிராக்கிள் ஆய்வில் சேருகிறீர்களா?’ என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்? அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரைதான் கிடைத்தது. மருந்து வேலை செய்யுமா என்று தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. பெயரோ முடிவை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. ‘ஹோப்’, ‘க்யூர்’ போன்ற பெயர்களும் நோயாளியை மறைமுகமாக நெருக்குகின்றன என்று மருத்துவ அறநெறி பேசுபவர்கள் கண்டித்திருக்கிறார்கள். நியாயமான கண்டனம்தான். இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது: பெயர் செயலைச் சொல்லலாம், இடத்தையும் பொருளையும் சொல்லலாம், பலனைச் சொல்லக்கூடாது.

இந்த விதிக்குப் பொருந்திய பெயர் ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில், காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு என்று கூடுதல் உணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் தொற்றி வளர்வது குறையுமா என்று சோதித்தார்கள். எல்லா வகைக் காசநோயும் சேர்த்து 39 சதவீதம் குறைந்தது. ஆய்வின் பெயர் ‘ரேஷன்ஸ்’. விரிவு: ‘ரிடியூசிங் ஆக்டிவேஷன் ஆஃப் ட்யூபர்குளோசிஸ் பை இம்ப்ரூவ்மென்ட் ஆஃப் நியூட்ரிஷனல் ஸ்டேட்டஸ்’. இதிலும் ஒரு சின்னக் கள்ளம் உண்டு. இரண்டு ‘ஆஃப்’களில் முதலாவது விடப்பட்டு, இரண்டாவதன் ‘ஓ’ மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் பெயரைக் கேட்பவருக்கு அரிசி மூட்டைதான் நினைவுக்கு வரும், அந்த ஆய்வில் நடந்ததும் அதுதான். ரேஷன் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்த சொல் என்பது இன்னொரு வசதி. பெயரும் பொருளும் இப்படிச் சேர்ந்துவிட்டால் ஓர் எழுத்துப் பிசகை மன்னித்துவிடலாம்.

பெயர் உருவாகும் வழியை ஒரு கற்பனை ஆய்வை வைத்துப் பார்க்கலாம். தமிழகத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இந்த முறையையும், நோயாளியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வாங்கும் முறையையும் ஒப்பிடுகிற ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை பெயரை யோசிப்பதல்ல. ஆய்வை ஒரு வரியில் எழுதி, எந்தச் சொல்லை எடுத்தால் ஆய்வே மாறிவிடுமோ அந்தச் சொற்களை மட்டும் அடிக்கோடிட வேண்டும். இங்கே அவை வீடு, தன்னார்வலர், மாத்திரை, வழங்கல், ரத்த அழுத்தம். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று மாற்றுச் சொற்களைப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் கையில் போதுமான எழுத்துகள் சேர்ந்துவிடும். பிடித்த பெயரை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்கேற்பத் தலைப்பை வளைப்பதுதான் பெரும்பாலான அசட்டுப் பெயர்களின் பிறப்பிடம்.

பலருக்கு முதலில் தோன்றுவது ‘ஹார்ட்’. எச் வீட்டுக்கு, ஏ மாத்திரைக்கு, டி தமிழ்நாட்டுக்கு என்று இழுத்துப் பொருத்திவிடலாம். ஆனால் இதய மருத்துவத்தில் அந்தப் பெயரைத் தேடினால் லட்சக்கணக்கில் வந்து விழும். அடுத்தது ‘ஹோம் பிபி’. ‘ஹோம் டெலிவரி ஆஃப் மெடிசின்ஸ் ஃபார் எலிவேட்டட் பிளட் பிரஷர்’ என்று இயல்பாகவே அமைகிறது. ஒரே நிமிடத்தில் கிடைத்த நல்ல பெயர் என்றால் வேறு யாருக்கோ அது முன்பே கிடைத்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். பிரிட்டனில் நோயாளிகள் வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்து இணையம் வழியே மருந்தை மாற்றிக்கொண்ட ஓர் ஆய்வுக்கு இதே பெயர்தான், முடிவு 2021இல் வெளியானது. அது தெரியாமலே இருந்தாலும், வீட்டில் அளக்கும் ரத்த அழுத்தத்தை மருத்துவர்கள் ‘ஹோம் பிபி’ என்றுதான் சொல்கிறார்கள். பெயர் மாத்திரையை விட்டுவிட்டுக் கருவியை நினைவூட்டும்.

மூன்றாவது முயற்சி தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்கலாம். ‘வாசல்’. மாத்திரை வந்து சேரும் இடம் அது. பலன் எதையும் வாக்களிக்கவில்லை. ‘வாலன்டியர் அசிஸ்டட் சப்ளை ஆஃப் ஆன்டிஹைப்பர்டென்சிவ்ஸ் லோக்கலி’ என்று விரித்தால், ‘ஆஃப்’ நீங்கலாக எல்லா முதலெழுத்தும் வரிசை மாறாமல் வருகின்றன. பலவீனமான செங்கல் ‘லோக்கலி’. அந்தச் சொல்லை நீக்கினாலும் தலைப்பின் பொருள் பெரிதாக மாறாது, எழுத்துக்காகத்தான் நிற்கிறது. ஒரு பெயரில் இப்படி ஒன்று இருக்கலாம். இரண்டு இருந்தால் கேட்பவர் கவனித்துவிடுவார்.

பிறகு தேடிப் பார்க்க வேண்டும். பப்மெட் தளத்தில் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேட இப்படித் தட்டச்சு செய்வார்கள்:

```
VASAL[tiab]
```

இந்தத் தேடலுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. ‘ஹோப்’ என்று வைத்த ஆய்வை அப்படியே தேடினால் நம்பிக்கை பற்றிய கட்டுரையெல்லாம் வருவது இதனால்தான். ‘வாசல்’ விஷயத்திலும் ஒரு சிக்கல் தெரியவரும்: உடற்கூறியலில் குழாய், நாளம் சார்ந்ததைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே ஐந்து எழுத்துகள். பெயரைக் கைவிடத் தேவையில்லை, ஒரு வாலைச் சேர்த்து VASAL-BP என்று ஆக்கினால் தேடலில் தனித்து நிற்கும். அமெரிக்கப் பதிவேடான clinicaltrials.gov தளத்திலும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் அதே தேடலைச் செய்வது நல்லது. இன்னும் முடிவு வெளிவராத ஆய்வுகளின் பெயர்கள் அங்கேதான் இருக்கும்.

கடைசிச் சோதனை காதுக்கு. ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவரிடம் பெயரை ஒருமுறை சொல்லி, மறுநாள் எழுதிக் காட்டச் சொன்னால் போதும். எழுத்துக்கூட்டல் தவறினாலோ, ‘என்னமோ வாசல் வழின்னு’ என்று மங்கலாக வந்தாலோ பெயரில் குறை. சிரித்தார் என்றால் ஏன் சிரித்தார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் கண்ணியமாக ஒலிக்கும் பெயர் தமிழிலோ இந்தியிலோ வேறு எதையாவது குறிக்கக்கூடும், களப்பணியாளர்கள் அதைத் தினமும் உச்சரிக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு பார்த்தாலும் எதிர்காலத்தைப் பார்க்க முடியாது. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுக்கும் பழக்கத்தை உறுதிப்படுத்திய 1988ஆம் ஆண்டு ஆய்வின் பெயர் ‘ஐசிஸ் 2’. ஆக்ஸ்ஃபோர்டில் தேம்ஸ் நதிக்கு ஐசிஸ் என்றுதான் பெயர், ஆய்வுக்குழுவும் அந்த ஊர்தான். கால் நூற்றாண்டு கழித்து ஒரு பயங்கரவாத அமைப்பு அதே எழுத்துகளோடு உலகச் செய்திகளில் வரும் என்று யார் கண்டது?

ஒழுங்கான பெயர் அமையவில்லை என்றால் விட்டுவிடுவதும் ஒரு வழி. அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய இதயநோய் ஆய்வை உலகம் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊர்ப்பெயரால்தான் அறியும். காசநோயாளியை சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று 1950களின் இறுதியில் நிரூபித்த ஆய்வுக்கும் எழுத்துக் கோவை எதுவும் தேவைப்படவில்லை, காசநோய் மருத்துவர்கள் அதை மெட்ராஸ் ஆய்வு என்கிறார்கள்.