காலுக்குப் போட்ட ஊசி குடலுக்குள் செய்யும் வேலை

பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில்தான், தென்னமராமில், 1917-ல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது. செம்பனை வந்தபோதே அதன் மட்டை முள்ளும் கூட வந்தது. கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் குலை வெட்டியவர்கள், உதிரி பொறுக்கியவர்கள் யாரைக் கேட்டாலும் முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டுவார்கள். பூட்ஸையும் தாண்டி ஏறும் முள் அது.

அப்படி முள் ஏறிய ஒருவரை வைத்தே இந்தக் கதையைச் சொல்கிறேன். அவர் தனி ஒருவர் அல்லர். பல நோயாளிகளைச் சேர்த்து நான் வரைந்த உருவம். வயது 46, இனிப்புநீர் உண்டு. முள் குத்தி நாலாம் நாள் கெண்டைக்கால் சிவந்து வீங்கி, காய்ச்சலோடு மாவட்ட மருத்துவமனைக்கு வருகிறார். சிவப்பு எதுவரை போயிருக்கிறது என்று டாக்டர் பேனாவால் காலைச் சுற்றிக் கோடு போடுகிறார். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டினால் நோய் முந்துகிறது, உள்ளே சுருங்கினால் மருந்து முந்துகிறது. எந்த இயந்திரமும் இல்லாமல் கிடைக்கும் நல்ல அளவுகோல் இது.

இந்த மாதிரித் தோல் தொற்றுக்குப் பெரும்பாலும் இரண்டே கிருமிகள்தான் காரணம்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ். இரண்டையும் கிளாக்ஸாசிலின் என்ற பழைய, விலை குறைந்த மருந்து கொல்லும். சுகாதார அமைச்சின் தேசிய ஆன்டிபயாட்டிக் வழிகாட்டியும் இதைத்தான் முதலில் சொல்கிறது. ஆனாலும் நம்மவருக்கு அன்றிரவு ஏறியது செஃப்ட்ரியாக்ஸோன். டாக்டரைக் குறை சொல்ல முடியாது. இனிப்புநீர்க்காரர், காய்ச்சல், நள்ளிரவு. எதையும் விட்டுவிடக் கூடாது என்று கை பல வகைக் கிருமிகளைக் கொல்லும் அகன்ற மருந்தைத் தேடும். தவிர, செஃப்ட்ரியாக்ஸோனை நாளைக்கு ஒரு முறை போட்டால் போதும். கிளாக்ஸாசிலினை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை போட வேண்டும், நரம்பையும் அது எரிக்கும். ஆள் குறைவான வார்டில் நாலு ஊசியா ஒரு ஊசியா என்று கேட்டால் எந்தத் தாதியும் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். அகன்ற மருந்து பரவுவதற்குப் பயம் பாதிக் காரணம் என்றால், இந்த வசதி மீதிக் காரணம் என்பது என் எண்ணம்.

காலுக்குப் போட்ட மருந்து காலோடு நிற்பதில்லை. செஃப்ட்ரியாக்ஸோனில் ஒரு பெரும் பங்கு பித்தநீர் வழியாகக் குடலுக்குள் இறங்குகிறது. அங்கே முள்ளுக்கும் புண்ணுக்கும் சம்பந்தமே இல்லாத ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவற்றில் ஒரு சிலவற்றிடம் இந்த மருந்தை அறுத்தெறியும் நொதி ஒன்று ஏற்கெனவே இருக்கலாம், இ.எஸ்.பி.எல். என்று ஆய்வகத்தார் சொல்வது அதைத்தான். மருந்து வருவதற்கு முன் அவை கூட்டத்தில் ஓரமாகக் கிடந்தவை. மருந்து வந்து அக்கம்பக்கத்தார் எல்லோரையும் கொன்றதும் காலி வீடுகள் அனைத்தும் அவற்றுக்கே. நொதியைச் செய்யும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருப்பதால், ஒரு கிருமி மற்றொன்றுக்கு அதைக் கைமாற்றவும் முடியும். கால் ஆறி வீட்டுக்குப் போனவர் மாதக்கணக்கில் இந்தக் கூட்டத்தைக் குடலில் சுமந்து திரியலாம். கழிவறை, கை, அடுத்த கட்டில் என்று அது நகரும். பிறகு அவருக்கோ வேறு யாருக்கோ சிறுநீர்த் தொற்று வரும்போது செஃப்ட்ரியாக்ஸோன் வேலை செய்யாது, அதைவிட அகன்ற மெரோபெனெம் தேவைப்படும்.

கிளாக்ஸாசிலின் இந்தக் கூட்டத்தைத் தொடுவதே இல்லை. ஈ.கோலையின் வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போக அதற்கு வலுவில்லை. அந்தப் போதாமையே இங்கே நமக்கு லாபம். சாகடிக்கப்படாத ஈ.கோலைகள் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பதால், நொதிக்காரக் கிருமிகளுக்குப் பெருக இடம் கிடைப்பதில்லை. குறுகிய மருந்து என்றால் பலவீனமான மருந்து என்று நினைப்பது தவறு. கிளாக்ஸாசிலினுக்கு மசியும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ரத்தத்தில் கலந்தவர்களுக்கு, கடைசி ஆயுதம் போல நினைக்கப்படும் வான்கோமைசினைவிடக் கிளாக்ஸாசிலின் வகையே உயிரை அதிகம் காக்கிறது.

நம்மவருக்கு முள் குத்திய இடத்தில் சீழ் கட்டியிருந்தது. மறுநாள் அதைக் கீறி, உள்ளிருந்து சீழ் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கிருமியை வளர்த்து, பெயர் கண்டு, எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்க்க 48 முதல் 72 மணி நேரம் ஆகும். ஆன்டிபயாட்டிக் கண்காணிப்புக் குழுவின் முக்கிய வேலை அந்த முடிவு வரும்போதுதான். 2014-ல் சுகாதார அமைச்சு இதற்கென ஒரு நெறிமுறையே வெளியிட்டது. டாக்டர், மருந்தாளர், நுண்ணுயிரியலாளர் சேர்ந்து மருந்து அட்டையைப் பார்ப்பார்கள். முதல் நாள் அகன்ற மருந்து போட்டதைப் பற்றிச் சண்டை இல்லை. மூன்றாம் நாளும் அதே மருந்து ஏன் ஓடுகிறது என்பதே அவர்களின் கேள்வி.

சீழில் வந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ், கிளாக்ஸாசிலினுக்கு மசியும் வகை. ரத்தத்தில் எதுவும் வளரவில்லை. ஆனால் முதல் நாள் புண்ணின் மேல் துடைத்தெடுத்த பஞ்சில் கிளெப்சியெல்லாவும் இருந்தது. "இதற்கும் மருந்து வேண்டாமா?" என்று இளம் டாக்டர் கேட்கிறார். திறந்த புண்ணின் மேற்பரப்பில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். உள்ளே இருந்து எடுத்த சீழில் இல்லாததற்கு மருந்து தேவையில்லை. தேவையில்லாத அகன்ற மருந்துகள் பல இப்படி ஒரு பஞ்சிலிருந்து தொடங்குகின்றன.

ஓர் அகன்ற மருந்தை அடைத்தாலே போதும் என்றும் நினைக்கக் கூடாது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு மருத்துவமனை 1996-ல் செஃபலோஸ்போரின் மருந்துகளுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. பயன்பாடு 80 விழுக்காடு குறைந்தது. செஃப்டாசிடிமுக்கு மசியாத கிளெப்சியெல்லா 44 விழுக்காடு குறைந்தது. ஆனால் டாக்டர்கள் அதற்குப் பதிலாக இமிபெனெம் என்ற இன்னும் அகன்ற மருந்துக்குத் தாவினார்கள். இமிபெனெமுக்கு மசியாத சூடோமோனாஸ் சுமார் 69 விழுக்காடு கூடியது. பலூனை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் புடைப்பது போல. கட்டுப்பாடு போடுகிறவர் "இதற்குப் பதில் எதை எழுதுவார்கள்?" என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

குறுகிய மருந்தே கூடாத இடமும் இதே தோட்டங்களில் உண்டு. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமி, இனிப்புநீர் உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும். அந்த நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர் வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இருந்த ஸ்டேன்டனும் ஃபிளெட்சரும். அதற்குக் கிளாக்ஸாசிலின் பயன்படாது, செஃப்ட்ரியாக்ஸோனையும் நம்ப முடியாது. செஃப்டாசிடிமோ மெரோபெனெமோ குறைந்தது பத்து நாளாவது ஏற்ற வேண்டும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு வாங்கி, இனிப்புநீரும் மழைக்காலச் சேறும் சேர்ந்து வரும் தோட்டத் தொழிலாளியிடம் குறுகிய மருந்தைத் தொடங்கிக் காத்திருப்பது தப்பு. அங்கே அகலமாகத் தொடங்கி, கிருமியின் பெயர் தெரிந்த பிறகு சுருக்குவார்கள்.

நம்மவரின் காலில் சிவப்பு பேனாக் கோட்டுக்கு இரண்டு விரல் உள்ளே வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறார். ஊசியை நிறுத்தி, 500 மில்லிகிராம் கிளாக்ஸாசிலின் மாத்திரைக்கு மாற்றுகிறார்கள். "என்ன தம்பி, பெரிய மருந்த நிப்பாட்டிட்டு சின்ன மருந்து குடுக்குறீங்க?" என்று மனைவி கேட்கிறார். "கிருமி யாருன்னு தெரிஞ்சிருச்சு அக்கா. ஆள் தெரியாதப்பதான் தெருவையே அடிக்கணும்" என்கிறார் மருந்தாளர்.

மாத்திரையை எப்போது விழுங்குவது என்ற அடுத்த கேள்விதான் கடினம். நாலு வேளை, அதுவும் வெறும் வயிற்றில். பெரட்டு ஆறு மணிக்கு. மருந்தாளர் உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறார்: விடியற்காலை ஐந்தரை, பசியாறுவதற்கு முன். பதினொன்றரை, மதியச் சோற்றுக்கு முன். மாலை ஐந்தரை. ராத்திரி படுக்கும்போது. "பதினொன்றரைக்குக் காட்டுக்குள்ள இருப்பேன்" என்கிறார் நம்மவர். இரண்டு மாத்திரையைச் சட்டைப் பைக்குத் தனியாக மடித்துக் கொடுக்கிறார் மருந்தாளர். ஒன்று மழையில் நனைந்தால் மற்றொன்று.